விதையின் காத்திருப்பைக் கதையாக்குவது

கேள்வி: ஒரு விதை மெல்ல மரமாகிப் பொறுமை கற்கும் சிறுவர் கதை எழுதுகிறேன். நடுப்பகுதியில் எதுவுமே நடக்கவில்லை, என்ன செய்யலாம்?

மண்ணுக்கு மேலே எதுவும் நடக்காத காலத்தில் கீழே நிறைய நடக்கிறது என்பதால், கதையை அங்கே கொண்டுசெல்லுங்கள். இதற்குப் பனங்கொட்டை மிகவும் பொருத்தமானது. அது முதலில் மேல்நோக்கி இலை விடுவதில்லை. கரு, தண்டு போன்ற ஒரு நீட்சியின் நுனியில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய பிறகே வேர் பரப்புகிறது, முதல் இலை வெளியே வரப் பல மாதங்கள் ஆகின்றன.

அருகில் விழுந்த பயறு சில நாள்களிலேயே இலை விரிக்க, தான் மட்டும் தவறான திசையில் போகிறோமோ என்று பனங்கொட்டை அஞ்சுவதுதான் உங்கள் நடுப்பகுதி. பயறு காய்த்துக் காய்ந்துபோன கோடையில், ஆழத்து ஈரத்தைத் தன் வேர் தொட்டதை அது உணரட்டும்.

ஒரே மழையில் அதை மரமாக்கிவிட்டால் கதை பொய்த்துவிடும். முதல் இலைக்குப் பின்னரும் தண்டு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். ‘பொறுமையாக இரு’ என்று அறிவுரை கூறும் கிழட்டு ஆமையும் (இத்தகைய கதைகளில் தவறாமல் வந்துவிடுகிறது) வேண்டாம். ஆண்டுகள் கடப்பதை, விதையருகே விளையாடிய சிறுமி ஒவ்வொரு முறை வரும்போதும் உயர்ந்திருப்பதைக் கொண்டே காட்டிவிடலாம்.