போட்டோவில் கம்பியை எண்ணி எடை கண்டுபிடிக்கலாமா? வேலூர் பக்கத்து வாசகர் கேள்விகள்

12 எம்.எம் கம்பி நேர்க்கட்டாக லாரியில் வந்தது. பில்லில் 1,020 கிலோ. கட்டின் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து எண்ணினால் 91 கம்பி, கணக்குப் போட்டால் 971 கிலோதான் வருகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா? (காட்பாடி)

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் போட்ட கணக்கு சரிதான். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும், 12 எம்.எம்முக்கு 144 ÷ 162, அதாவது 0.889 கிலோ. 12 மீட்டர் கம்பி ஒன்று 10.67 கிலோ, 91 கம்பிக்கு 971.

ஆனால் நீங்கள் அனுப்பிய பின்பக்கப் போட்டோவில் நான் எண்ணியபோது 93 வந்தது. முன்பக்கத்தில் நடுவில் இரண்டு இடத்தில் கறுப்பாகத் தெரிவதைச் சும்மா இடைவெளி என்று விட்டிருக்கிறீர்கள். நன்றாக அடுக்கிய கட்டில் உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றி ஆறு கம்பி இருக்கும். அந்த ஆறில் ஒன்று இல்லாமல் கம்பி அளவுக்கே ஓர் ஓட்டை தெரிந்தால், அங்கே கம்பி உள்வாங்கி நிழலில் நிற்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். முன்னால் உள்வாங்கிய கம்பி முழு நீளம் உள்ளதாக இருந்தால் பின்னால் அந்த அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உங்கள் போட்டோவிலும் இரண்டு நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி நீட்டவில்லை, ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது என்றால் அது நீளம் குறைந்த துண்டு, அதை முழுக் கம்பியாக எண்ணக்கூடாது.

சரி, 93 கம்பி என்றால் 992 கிலோ. இன்னும் 28 கிலோ உதைக்கிறது. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். போட்டோவிலிருந்து வருவது கம்பி சரியான தடிமனில் உருட்டப்பட்டிருந்தால் இருக்க வேண்டிய எடை. பில்லில் இருப்பது எடை மேடையில் ஏற்றிப் பார்த்த எடை. இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக வராது, ஐ.எஸ் 1786 தரமே 12 எம்.எம் கம்பிக்கு மீட்டர் எடையில் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்க விடுகிறது (10 எம்.எம்மும் அதற்குக் கீழும் 7, 16-க்கு மேல் 3). அதனால் திருப்பிக் கணக்குப் போடுங்கள். 93 கம்பியின் மொத்த நீளம் 1,116 மீட்டர், 1,020 கிலோவை அதனால் வகுத்தால் மீட்டருக்கு 914 கிராம். பில் உண்மையென்றால் உங்கள் கம்பி அந்த எடை இருந்தாக வேண்டும்.

அதைப் பார்ப்பது சுலபம். வேறு வேறு மூன்று கம்பியிலிருந்து சரியாக ஒரு மீட்டர் வெட்டி (எப்படியும் வேலையில் துண்டு தேவைப்படும், வீணாகாது) மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். 910-ஐ ஒட்டி வந்தால் பில் சரி, கம்பி சற்றுக் கனமாக உருட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 890 பக்கம் வந்தால் அந்த 28 கிலோ கம்பியில் இல்லை. அப்போது இன்னொரு முறை எண்ணிவிட்டு, ஏனென்றால் 28 கிலோ என்பது இரண்டரைக் கம்பிதான், எண்ணிக்கை மாறவில்லையென்றால் எடை மேடைச் சீட்டைக் கேளுங்கள். வண்டியோடு ஒரு எடை, காலி வண்டி ஒரு எடை, இரண்டும் அதே மேடையில் அதே நாளில் எடுத்ததா என்று பாருங்கள். மேடை பத்து கிலோ படியாகக் காட்டுவதாக இருந்தால் அதிலேயே பத்து கிலோ வரை இப்படி அப்படி ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

10 எம்.எம் கட்டு ஒன்றில் 14 முனை தெரிகிறது. ஒரு கட்டு நூறு கிலோ தாண்டுமா? (ஆரணி)

தாண்டாது. சில்லறைக் கடையில் வரும் கட்டு நடுவில் வளைத்து மடக்கியது, ஒவ்வொரு கம்பியின் இரண்டு முனையும் ஒரே பக்கம் வந்து நிற்கும். 14 முனை என்றால் 7 கம்பி. ஒன்று 7.4 கிலோ வீதம் கட்டு சுமார் 52 கிலோ.

போட்டோ மட்டும் வைத்து 10 எம்.எம்மா 12 எம்.எம்மா என்று சொல்ல முடியுமா? மேஸ்திரி கண்ணால் பார்த்தே சொல்கிறார். (ராணிப்பேட்டை)

மேஸ்திரி கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னால் நம்பலாம், போட்டோவைப் பார்த்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன். எண்ணிக்கையில் ஒன்றிரண்டு தப்பினால் ஒன்றிரண்டு சதவீதம்தான் போகும். விட்டத்தில் தப்பினால் அது இருமுறை பெருக்கப்படுவதால் கணக்கே கவிழ்ந்துவிடும். அதே 93 கம்பி 12 எம்.எம் என்றால் 992 கிலோ, 10 என்றால் 689. வெட்டிய முனையை அளப்பதும் உதவாது, கட்டிங் மெஷின் முனையை நசுக்கிவிடும், அது வட்டமாகவே இருக்காது. கம்பியின் உடம்பில் வெர்னியர் வைத்தாலும் மேடு மேல் வைத்தால் கூடுதலாகவும், மேட்டுக்கு நடுவில் வைத்தால் 12-க்குக் குறைவாகவும் காட்டும். கம்பி நெடுக கம்பெனி பெயர், தரம், அளவு மூன்றும் உருட்டும்போதே பதிந்து வரும். அந்த எழுத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ தனியாக எடுத்து வையுங்கள். எழுத்தே இல்லையென்றால் ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டு, அந்தக் கிலோவை 162-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விட்டம் கிடைத்துவிடும்.

கம்பி எண்ணும் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே கட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறது. (வாணியம்பாடி)

ஆப்பைத் திட்டுவதற்கு முன்னால் போட்டோவைப் பாருங்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் எடுத்தால் பாதி முனை பளிச்சென்றும் பாதி கரியாகவும் இருக்கும், அதில் ஆப் மட்டுமில்லை, நாமும் தடுமாறுவோம். கட்டு முழுக்க நிழலில் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைச் சுத்தியலால் தட்டி முகத்தைச் சமமாக்கிவிட்டு, சுண்ணாம்பைக் குழைத்து முனைகளின் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் கம்பி வெள்ளையாகவும் சந்து கறுப்பாகவும் தனித்தனியாகத் தெரியும். செலவு ஒன்றும் இல்லை, ஆனால் இதைப்போல் உதவுவது வேறில்லை. அப்புறம், கிட்டே போய் எடுக்காதீர்கள். ஐந்தாறு அடி தள்ளி, கட்டின் நடுவுக்கு நேரே போனைப் பிடித்து ஜூம் செய்யுங்கள். கிட்டத்தில் எடுத்தால் ஓரத்துக் கம்பிகளின் பக்கவாட்டும் சேர்ந்து தெரிந்து ஒன்று இரண்டாக எண்ணப்படும்.

ஆப் எண் சொன்ன பிறகு அது வைத்த புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், சந்தில் புள்ளி இருந்தால் அழியுங்கள், விட்ட இடத்தில் வையுங்கள். ஆப் இல்லாதவர்கள் போட்டோ எடிட்டரில் பத்துக்கு ஒரு நிறம் மாற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம், யாராவது கூப்பிட்டாலும் விட்ட இடம் தெரியும்.

கம்பியின் நீளத்தை 40 அடி என்று போட்டுக் கணக்குப் பார்ப்பது சரியா? (ஆம்பூர்)

பேச்சுக்குச் சரி, பில்லுக்குச் சரியில்லை. 12 மீட்டர் என்பது 39 அடி 4 அங்குலம்தான். 40 என்று போட்டால் டன்னுக்கு 16 கிலோ அதிகமாகக் காட்டும், பிறகு இல்லாத குறைக்காகக் கடைக்காரரிடம் நிற்பீர்கள். டேப் வைத்து நாலைந்து கம்பியை அளந்து அந்த நீளத்தைப் போடுங்கள். வெட்டி மீந்த பழைய கம்பிகள் பல நீளத்தில் கலந்து கிடந்தால் போட்டோ வேலைக்கே ஆகாது, நேராகத் தராசில் ஏற்றிவிடுங்கள்.