ஜூரியில் கேட்டார்கள், பதில் தெரியவில்லை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கட்டடக்கலை மாணவர்கள் தங்கள் டிசைனைத் தேர்வுக் குழுவின் முன் வைக்கும் ஜூரி முடிந்த கையோடு எழுதியவை. எல்லோருடைய வருத்தமும் சைட், பயன்பாடு, கட்டுமானப் பொருள் ஆகிய மூன்றையும் சுற்றித்தான் வருகிறது.

நான்கு ஷீட் நிறைய சைட் அனாலிசிஸ் போட்டிருந்தேன். ஜூரியில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்?

அந்த நான்கு ஷீட்டையும் எடுத்துவிட்டால் உங்கள் பிளானில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அவர்கள் பார்க்காததில் தவறில்லை. காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது என்று நீல அம்பு போட்டிருக்கிறீர்கள். அதே மூலையில் கழிப்பறை பிளாக்கை வைத்து, அதன் வாடையை வகுப்பறைப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். ஓர் அம்பு போட்டால், அந்த அம்பால் எந்தச் சுவர் நகர்ந்தது என்பதைப் பக்கத்திலேயே காட்டுங்கள். அப்படிச் செய்தால் ஒரு ஷீட் போதும்.

என் சைட் சமதளம். கான்டூர் தேவையா?

சமதளமான சைட் என்று ஒன்று கிடையாது. 60 மீட்டர் நீளத்தில் 300 மில்லிமீட்டர் சரிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இரண்டு படி உயரம், மழைத் தண்ணீருக்கு அது நன்றாகவே தெரியும். டியூப் லெவல் எடுத்துக்கொண்டு நண்பர் ஒருவருடன் போய்க் காலையிலேயே அளந்துவிடுங்கள்.

என் டிசைன் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் சார், படம் இணைத்துள்ளேன்.

வடக்கு எந்தப் பக்கம் என்று இல்லை, ஸ்கேல் இல்லை, கட்டடத்தை நெட்டாக வெட்டிக் காட்டும் செக்ஷனும் இல்லை. இப்படி வருகிற படத்துக்குக் கருத்து சொல்ல முடியாது என்று முன்பே எழுதியிருக்கிறேன். மூன்றையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.

நாகப்பட்டினம் கடற்கரையில் மீன் ஏலக்கூடம் செய்தேன். காலையில் ஏலம், மதியம் வலை பின்னுதல், மாலையில் கல்யாணம், கூட்டம் என்று பல்நோக்குக் கூடமாகக் கொடுத்தேன். "இந்தத் தரையை யார், எப்போது கழுவுவார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு முடித்துவிட்டார்கள். இது நியாயமா?

நியாயம்தான். அந்த ஒரு கேள்வியில் உங்கள் புராஜெக்ட் முழுவதும் இருக்கிறது. 'பல்நோக்குக் கூடம்' என்று 12-க்கு 24 மீட்டரில் ஒரு வெறும் கட்டத்துக்குள் எழுதிவிட்டால் டிசைன் முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் இருக்கிறது. எனக்குத் தீராத கோபம் அதன் மேல்தான். ஒரு கூடத்தில் பல வேலை நடக்க வேண்டுமானால் அந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தரை, ஒரே மாதிரி வெளிச்சம் பொருந்த வேண்டும். பொருந்துகிறதா என்று நீங்கள் பார்க்கவே இல்லை.

ஏலத்தை எடுத்துக்கொள்வோம். விடியும் முன் படகு வரும், கூடை கூடையாக மீன் தரையில் இறங்கும், சுற்றி ஆட்கள் நிற்பார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் காலி. மிச்சம் ஐஸ் உருகிய தண்ணீர், செதில், ரத்தம். அதைத் தண்ணீர் ஊற்றித் தள்ளித்தான் கழுவ முடியும். தண்ணீர் தானாக ஓட, இந்த மாதிரித் தரைக்கு 60-க்கு 1 அளவில் சரிவு வேண்டும். 12 மீட்டர் அகலத்தையும் ஒரே பக்கம் சரித்தால் ஓரத்துக்கு ஓரம் 200 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். நடுவில் மேடாக வைத்து இரண்டு பக்கமும் சரித்தால் ஒவ்வொரு பக்கமும் 6 மீட்டருக்கு 100-தான். இரண்டு ஓரத்திலும் கையால் தூக்கி எடுக்கக்கூடிய கிராதி போட்ட திறந்த வாய்க்கால். அது குழாயில் சேரும் முன் ஒரு தொட்டி, அதற்குள் செதிலைப் பிடிக்க வலைக்கூடை. அந்தக் கூடையை விட்டுவிட்டால் குழாய் அடைக்கும், அப்புறம் தண்ணீர் கூடத்துக்குள்ளேயே நிற்கும். தூண்களின் அடியில் கூடை இடிக்காத மாதிரி கான்கிரீட் பீடம். தரைக்குப் பளபள டைல் ஆகாது, ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பாக விட்ட கான்கிரீட்டோ, கொத்திய கருங்கல்லோ போடலாம்.

இவ்வளவும் உங்கள் செக்ஷனில் ஒரு கோடாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் வரைந்தது ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடு.

வலை பின்னுவதைப் பார்ப்போம். அதற்கு நீளமான நிழல், காற்று, வலையை இழுத்துக் கட்டத் தூணில் வளையம், காய்ந்த தரை, இவை போதும். நடுமேட்டுத் தரை வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடுமானால் அங்கேயே உட்காரலாம். ஆகவே இந்த இரண்டும் சேரும். கல்யாணம் சேராது. வாடை ஒரு காரணம், பந்தி மேசை சரிவில் நிற்காது என்பது இன்னொன்று. கல்யாணத்தை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் எந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு அட்டவணை போட்டு, தரைச் சரிவோடு செக்ஷனை மறுபடி வரையுங்கள். சின்னக் கட்டடமாகத்தான் வரும். வரட்டும்.

அதே மாதிரிக் கடற்கரை சைட். ஸ்டீல் டிரஸ் வேண்டாம் என்கிறார்கள். கான்கிரீட்டுக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீருமா?

தீராது. உப்புக்காற்று இரண்டையும் அரிக்கும். கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே இருக்கும் கவர், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 படி கடலோரத்தில் 45, உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் 50 மில்லிமீட்டர். உங்கள் தூண் டீட்டெயிலில் 25 போட்டிருக்கிறீர்கள். ஸ்டீலே வைப்பதானால் இரண்டு ஆங்கிளை முதுகோடு முதுகாக ஒட்டாதீர்கள். நடுவில் இருக்கும் இடுக்கில் பெயின்ட் பிரஷ் போகாது, உப்பு போகும், துரு அங்கேதான் தொடங்கும். இரண்டு முனையும் அடைத்த குழாய் செக்ஷன், கால்வனைஸ் செய்தது, போல்ட் போட்ட ஜாயின்ட், ஏணி வைத்து எட்டக்கூடிய உயரம். "யார் ஏறிப் பெயின்ட் அடிப்பார்கள்?" என்று அடுத்த ஜூரியில் கேட்பார்கள், பதில் வைத்திருங்கள்.

செங்கலை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ரேட் டிராப் பாண்டில் சுவர் போட்டால் சிக்கனம் என்றேன். ஏற்கவில்லை.

செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் மூலை, ஜன்னல் ஓரம், அடி வரிசை, லின்டலுக்குக் கீழ் வரிசை எல்லாம் கெட்டியாகத்தான் கட்ட வேண்டும். உங்கள் எலிவேஷனில் பாதி ஜன்னல், ஆகவே மிச்சம் ஒன்றும் இருக்காது. அதோடு செங்கல் விளிம்பு நேராக இருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சூளைக் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா?

சென்னை சைட். எல்லா ஜன்னலுக்கும் 600 மில்லிமீட்டர் சன்ஷேட். குறை சொன்னார்கள்.

600 எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்பேன். டிசம்பர் நடுப்பகலில் சென்னையில் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் தெற்கே நிற்கும். 1200 உயர ஜன்னலை அப்போது முழுக்க மறைக்க 900 நீட்டம் வேண்டும். மேற்கில், கோடையில் மாலை 4 மணிக்கு உயரம் 30 டிகிரி அளவுதான். அதற்கு இரண்டு மீட்டர் ஆகும், அது சன்ஷேட் இல்லை, வராந்தா. வராந்தா போடுங்கள், இல்லையென்றால் மாடிப்படியையும் ஸ்டோரையும் மேற்கே தள்ளுங்கள். வடக்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நடுப்பகல் சூரியன் லேசாகச் சாயும், ஆனால் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் இருப்பதால் 300 போதும். நான்கு பக்கத்துக்கும் நான்கு கணக்கு, அதையும் செக்ஷனில்தான் காட்ட முடியும்.

ஜூரிக்கு மாடல் முக்கியமா, செக்ஷன் முக்கியமா?

செக்ஷன்.