இறுதிநிலைச் செலவில் விற்றால் ஏன் நட்டம்? ஒரு குழாய்நீர் நிறுவனத்தின் கணக்கு

பொருளியல் மாணவி: விலை இறுதிநிலைச் செலவுக்கு, அதாவது இன்னும் ஓர் அலகைத் தர ஆகும் கூடுதல் செலவுக்கு, சமமாக இருப்பதே சமூகத்துக்கு நல்லது என்று படிக்கிறோம். ஒரே நிறுவனம் எல்லோருக்கும் தருவதே மலிவாக இருக்கும் இயற்கை முற்றுரிமையில் மட்டும் அது ஏன் நட்டத்தில் முடிகிறது?

ஒரு குழாய்நீர் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நாணயம் எதுவானாலும் பொருந்தும். சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மண்ணுக்கடியில் புதைத்த குழாய்களுக்கும் ஆண்டுக்கு 1,60,000 செலவாகிறது. ஒரு சொட்டு நீர் விற்காவிட்டாலும் இந்த மாறாச் செலவு நிற்காது. அதற்கு மேல், ஒவ்வோர் அலகு நீரையும் சுத்திகரித்து அனுப்ப மின்சாரத்துக்கும் மருந்துக்குமாக 2 ஆகிறது. விலை 2 என்றால் மக்கள் 1,00,000 அலகு வாங்குவார்கள் என்றும், விலை 1 ஏறும்போதெல்லாம் 10,000 அலகு குறையும் என்றும் கொள்வோம்.

விலையை 2 என்று வைத்தால் வருவாய் 2,00,000. அது முழுவதும் மின்சாரத்துக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது. குழாய்களுக்கான 1,60,000 அப்படியே கடனாக நிற்கிறது. சராசரிச் செலவைப் பார்த்தால் காரணம் தெரியும்: 20,000 அலகில் அது 10, 80,000 அலகில் 4, 1,00,000 அலகில் 3.60. சராசரி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால், அடுத்த அலகின் செலவு சராசரியைவிடக் குறைவாக இருக்கிறது என்றுதான் பொருள். எனவே அடுத்த அலகின் செலவை விலையாக வைப்பவர் சராசரிக்குக் கீழேதான் விற்க முடியும். இந்த நட்டத்தை நிர்வாகத்தின் திறமைக்குறைவு என்று படிப்பது பெரும் தவறு. எவ்வளவு சிக்கனமான நிர்வாகியும் இந்த விலையில் இதே நிலைக்குத்தான் வருவார். இறுதிநிலைச் செலவு ஏறுமுகமாக இருந்தால் மாறாச் செலவின் ஒரு பகுதி மீளும். இங்கே அது மாறாமல் 2 ஆகவே இருப்பதால் ஒரு காசும் மீள்வதில்லை.

வணிகர் ஒருவர்: இன்னொரு நிறுவனத்தையும் அனுமதித்துவிட்டால் போட்டியில் விலை தானாக இறங்கிவிடுமே?

விலை இறங்கும் என்பது சரிதான், ஆனால் அந்த விலை நிலைக்காது. ஒரே தெருவில் இரண்டு குழாய் வரிசைகள் ஓடினால் மாறாச் செலவு 3,20,000 ஆகிவிடுகிறது. நாம் வைத்துக்கொண்ட தேவையின்படி, இருவரும் கூடிப் பேசி எந்த விலை வைத்தாலும், மின்சாரமும் மருந்தும் போக மிஞ்சக்கூடிய உச்சத் தொகை 2,50,000தான். ஆகவே இருவரின் செலவையும் ஈடுகட்டும் விலையே கிடையாது. விலைப்போர் ஓய்ந்ததும் ஒருவர் விலகுவார் அல்லது இருவரும் ஒன்றாவார்கள். குழாய்களை இயக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏலம் விட்டு, குறைந்த விலை கேட்பவருக்குத் தருவது வேறு வகைப் போட்டி. அதற்கு இங்கே இடமுண்டு.

பொருளியல் மாணவி: அப்படியானால் சராசரிச் செலவு விலையில் நாம் இழப்பது எவ்வளவு?

விலை 4, விற்பனை 80,000 அலகு, வருவாய் 3,20,000. பாதி குழாய்களுக்கு, பாதி மின்சாரத்துக்கும் மருந்துக்கும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கைவிட்டுப்போவது, 2க்கு மேல் தரத் தயாராக இருந்தும் 4 தர மனமில்லாதவர்கள் வாங்கியிருக்கக்கூடிய 20,000 அலகுகள். அந்த இழப்பின் மதிப்பு 20,000. கட்டுப்பாடே இல்லாவிட்டால் நிறுவனம் விலையை 7 ஆக்கி 50,000 அலகு மட்டும் விற்று 90,000 லாபம் பார்க்கும். அப்போது சமூக இழப்பு 1,25,000. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சராசரிச் செலவு விலையை அரைகுறைத் தீர்வு என்று ஒதுக்குவது நியாயமில்லை என்றே கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்: பொருளியலாளர் ஹோட்டலிங் 1938இல் சொன்னது போல விலையை 2ஆகவே வைத்து, நட்டத்தைப் பொது வரியிலிருந்து ஈடுசெய்தால் அந்த 20,000ஐயும் ஏன் இழக்க வேண்டும்?

ஐயா, வரி வசூலிப்பதால் வேறெங்கும் இழப்பு நேராது என்றால் உங்கள் பக்கமே நியாயம். ஆனால் 1,60,000 வரி திரட்டியாக வேண்டும். வேலையையும் வாங்குதலையும் குறைத்துக்கொள்ளும்படி அந்த வரி மக்களைத் தூண்டி, ஒவ்வொரு 100க்கும் 12.50க்கு மேல் இழப்பை உண்டாக்கினால், மிச்சப்படுத்திய 20,000ஐவிட இழந்தது கூடிவிடும். 1946இல் பொருளியலாளர் கோஸ் வேறொரு கேள்வியையும் எழுப்பினார்: மானியம் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை, முழுச் செலவையும் தர மக்கள் தயாராக இருக்கிறார்களா என்பதை எப்படி அறிவது? இணைப்புக்கு ஒரு நிலைக்கட்டணமும் அலகுக்கு 2உம் வாங்கும் இருபகுதிக் கட்டணமே அவர் சொன்ன வழி. ஒரே மாதிரி 1,000 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 160 போதும். 1,00,000 அலகும் விற்கும், நட்டமும் இராது. வீடுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். சொற்ப நீர் வாங்கும் ஏழை வீடு 160 தர இயலாமல் இணைப்பையே துண்டித்துவிட்டால், நாம் தவிர்க்க நினைத்த இழப்பு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். உங்கள் வாதம் முற்றாக முறியடிக்கப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். வரி எப்படித் திரட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

நீர்ச் சங்கக் கணக்காளர்: மொத்தச் செலவைச் சென்ற ஆண்டு விற்ற அலகால் வகுத்து விலை வைக்கிறோம். பெரிய வாடிக்கையாளர்கள் சிலர் சொந்தக் கிணறு வெட்டிக்கொண்டார்கள். விலையை ஏற்றியும் பற்றாக்குறை தீரவில்லையே?

நீங்கள் சராசரிச் செலவு விலையின் எல்லைக்கு வந்து நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நம் நிறுவனத்திலும் எல்லா விலையிலும் 30,000 அலகு குறைந்துவிட்டது என்று வையுங்கள். விலை 4இல் இனி 50,000 அலகுதான் விற்கும். உங்கள் முறைப்படி அடுத்த ஆண்டு விலை 5.20, விற்பனை 38,000. பிறகு ஏறக்குறைய 6.20, விற்பனை 28,000. அதற்கடுத்து 7.70, விற்பனை 13,000. அடுத்த கணக்கில் விலை 14ஐத் தாண்டும். அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. இங்கே செலவை ஈடுகட்டும் ஒற்றை விலை எதுவும் கிடையாது. மிகச் சிறந்த விலையான 5.50இல்கூட மின்சாரமும் மருந்தும் போக 1,22,500தான் மிஞ்சும்.

ஆனால் குழாய்களை மூடிவிட வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. விலை 2இல் 70,000 அலகு விற்றால், வாங்குவோர் தாம் கொடுப்பதற்கு மேல் அடையும் பயனின் மதிப்பு 2,45,000. அது 1,60,000ஐவிடக் கூடுதல். ஒற்றை விலையால் சுமக்க முடியாததை நிலைக்கட்டணம் சுமக்கக்கூடும். கிணறு வற்றும் காலத்துக்காக இணைப்பை வைத்திருப்பவர்களும் அதில் பங்கு தர வேண்டும். ஒவ்வொரு விலையேற்றத்துக்குப் பிறகும் வசூலிலிருந்து மின், மருந்துச் செலவைக் கழித்து மிச்சத்தைப் பாருங்கள். நம் கணக்கில் அது 1,00,000லிருந்து ஏறக்குறைய 1,22,000 ஆகி, மறு ஆண்டே 1,18,000க்கு இறங்கிவிட்டது. மிச்சம் இறங்கத் தொடங்கிய பிறகு விலையை ஏற்றுவதில் பயனில்லை.

ஒழுங்குமுறை அலுவலர்: செலவு முழுவதையும் விலையில் தந்துவிட்டால், நிறுவனம் செலவைக் குறைக்க ஏன் முயல வேண்டும்?

முயலாது என்பதே நேரான விடை. நாம் தரும் லாபம் முதலீட்டின் விகிதமாக இருந்து, அந்த விகிதம் முதலீட்டின் உண்மைச் செலவைவிடக் கூடுதலாகவும் இருந்தால், தேவைக்கு மேல் முதலீடு செய்யவே நிறுவனத்துக்கு மனம் போகும் என்று பொருளியலாளர்கள் அவெர்ச்சும் ஜான்சனும் 1962இல் காட்டினார்கள். விலைக்குச் சில ஆண்டுகளுக்கு உச்சவரம்பு வைத்து, அந்தக் காலத்தில் குறைத்த செலவை நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஒரு வழி. அந்தக் காலத்தை நீட்டினால் சிக்கனம் கூடும், ஆனால் விலை செலவிலிருந்து விலகிப் போகும். சுருக்கினால் பழைய நிலைக்கே திரும்புவோம். எத்தனை ஆண்டு என்பதற்குப் பொதுவான விடை இல்லை; உங்களிடம் வரும் செலவுக் கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை வைத்துத்தான் அதை முடிவுசெய்ய வேண்டும்.