கை செய்வதைப் பெயரில் வையுங்கள்: பலகை விளையாட்டுக்கும் கைபேசி விளையாட்டுக்கும் பெயரிடுதல்

கேள்வி: நான் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கியிருக்கிறேன். ஆடுபவர்கள் எல்லோரும் பூனைகள். மீன் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, உண்மையோ பொய்யோ சொல்லி முன்னேற வேண்டும். நம்பாதவர் அட்டையைப் புரட்டிப் பார்க்கலாம். பின்னர் கைபேசியிலும் வெளியிட எண்ணம். "மீன் வேட்டை", "பூனை விளையாட்டு" என்று இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறேன். கேட்டவுடன் விளையாட்டு என்று தோன்ற வேண்டும். வேறு எதனோடும் குழம்பவும் கூடாது. இவற்றில் எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். "மீன் வேட்டை" என்று கேட்பவர் தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் விளையாட்டை எதிர்பார்த்து வருவார். செயலிக் கடைகளில் அந்த வகை ஏற்கெனவே குவிந்து கிடப்பதால், உங்கள் விளையாட்டு அந்தக் கூட்டத்தில் காணாமல் போவதோடு, தவறிப்போய்ப் பதிவிறக்கியவர்களின் ஏமாற்றத்தையும் சுமக்க நேரும். "பூனை விளையாட்டு" என்பதோ பெயரே அல்ல, வகையைச் சொல்லும் சொல். அதைத் தேடுபவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் வீட்டுப் பூனை விளையாட ஏதாவது கிடைக்குமா என்று தேடுபவர்களாகவும் இருப்பார்கள்.

இரண்டு பெயர்களிலும் உள்ள குறை ஒன்றுதான். இரண்டும் விளையாட்டின் படத்தைச் சொல்கின்றன, ஆட்டத்தைச் சொல்லவில்லை. பூனையும் மீனும் பெட்டியின் மேல் வரையப்படுபவை. ஆடுபவரின் கை செய்யும் வேலை, அட்டையைக் கவிழ்ப்பதும் புரட்டுவதும். வாய் செய்யும் வேலை, பொய் சொல்வது. விளையாட்டு என்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் செயலைக் குறிக்கும் சொல்லே தவிர, பொருளைக் குறிக்கும் சொல் அல்ல.

இதற்கு நல்ல சான்று, எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள். 1930களில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அந்த விளையாட்டை உருவாக்கியபோது அதன் பெயர் லெக்சிகோ. பிறகு அதையே பலகையில் ஆடும்படி மாற்றி, கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ் என்று அழைத்தார். பலகையில் சொற்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதை அந்தப் பெயர் அப்படியே சொல்கிறது. துல்லியமான பெயர்தான், ஆனால் குறுக்கெழுத்துப் புதிர்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட அதில் ஒன்றுமில்லை. 1948 இல் உற்பத்தியை ஏற்றுக்கொண்ட ஜேம்ஸ் புரூனோ அதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு, கையால் பரபரவென்று துழாவுதல் என்று பொருள். பைக்குள் கைவிட்டு எழுத்து வில்லைகளைத் தேடுவதும், கிடைத்த எழுத்துகளோடு மல்லுக்கட்டுவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனாலும், சொல் விளையாட்டு என்பதை அது நேரடியாக எங்கும் சொல்வதில்லை. விற்பனை சூடுபிடித்ததற்குப் பெயர் மட்டும் காரணமல்ல. சில ஆண்டுகள் அது மெதுவாகவே விற்றது. ஆனால் விற்கத் தொடங்கியபின் பிறர் எடுத்துக்கொள்ள முடியாத பெயர் அதனிடம் இருந்தது.

வணிகக்குறிச் சட்டமும் ஏறத்தாழ இதே கோணத்தில்தான் பெயர்களைப் பார்க்கிறது. வகைப்பெயரை யாருக்கும் தனியுரிமையாகத் தருவதில்லை. பொருளை நேராக விவரிக்கும் பெயருக்கும் எளிதில் பதிவு கிடைக்காது. நீண்டகாலப் பயன்பாட்டால் மக்கள் அதை உங்கள் பெயராகவே அறிந்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் பெயர், தொடர்பில்லாத சொல்லை எடுத்து வைத்த பெயர், புதிதாகப் புனைந்த பெயர் ஆகியவைதாம் தொடக்கத்திலேயே வலுவானவை. இவற்றில் கடைசி இரண்டும் வலுவாக இருந்தாலும், அவற்றுக்குப் பொருள் ஏற்ற விளம்பரச் செலவு வேண்டும். உதாரணமாக, "மியாலி" என்று ஒரு சொல்லைப் புனைந்தால் அது தனித்துத்தான் நிற்கும். ஆனால் அது விளையாட்டா, பற்பசையா என்பது கேட்பவருக்குத் தெரியாது. சிறிய படைப்பாளிக்கு ஏற்றது குறிப்பால் உணர்த்தும் பெயர்தான் என்பது என் கருத்து.

இனி உங்கள் விளையாட்டுக்கே வருவோம். அதன் மையச் செயல் "புரட்டு". நல்வாய்ப்பாக, தமிழில் அந்தச் சொல்லுக்கே பொய், பித்தலாட்டம் என்ற பொருளும் உண்டு. அட்டையைப் புரட்டுவதும் ஆளை ஏமாற்றுவதும் ஒரே சொல்லில் இருக்கும்போது வேறு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் "புரட்டு" என்று மட்டும் வைத்தால் இரண்டு தொல்லைகள் வரும். தேடுபொறியில் மோசடிச் செய்திகளுக்கு நடுவே உங்கள் விளையாட்டு கிடக்கும். செயலிக் கடையில் தனியாகப் பார்ப்பவருக்கோ செயலியே மோசடியோ என்ற ஐயம் எழலாம். அதனோடு பூனையைச் சேர்த்து "புரட்டுப் பூனை" என்று வைத்துப் பாருங்கள். கடுமை போய்க் குறும்பு வந்துவிடுகிறது. இரண்டு சொற்களும் பகரத்தில் தொடங்குவதால் நாவில் நிற்கிறது. ஓர் அட்டையின் விளிம்பைப் பாதத்தால் தூக்கிப் பார்க்கும் பூனை என்று, பெட்டிக்கும் செயலியின் சின்னத்துக்கும் ஒரே படம் கிடைக்கிறது. "கள்ளப் பூனை" என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அது பூனையின் குணத்தைச் சொல்கிறதே ஒழிய, ஆடுபவர் என்ன செய்வார் என்பதைச் சொல்லவில்லை.

பூனையை வைத்து வந்த விளையாட்டுகள் ஏராளம் என்பதை மறந்துவிட வேண்டாம். எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற அட்டை விளையாட்டு வெளிவந்த 2015 க்குப் பிறகு அந்தக் கூட்டம் இன்னும் பெருத்துவிட்டது. ஆகவே உங்கள் பெயரின் தனித்தன்மை "புரட்டு" என்ற பாதியில்தான் இருக்கிறது. பெட்டியில் அதையே பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நாளை தொடர் விளையாட்டு ஒன்று வந்தால், மாற வேண்டியது பூனை. புரட்டு அப்படியே இருக்கலாம்.

பெயரை முடிவு செய்யுமுன், விளையாட்டை முன்பின் அறியாத எட்டுப் பத்துப் பேரிடம் அதைச் சோதியுங்கள். பெயரை எழுதிக் காட்டாமல் தொலைபேசியில் சொல்லி, "இதில் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே விடையைச் சொன்னால் பெயர் அளவுக்கு மீறி விவரிக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால் அது எதையும் உணர்த்தவில்லை. பாதிப் பேர் ஏமாற்றுதல், கவிழ்த்தல், திருட்டு என்று அந்தப் பக்கமாக வந்து சேர்ந்தால் போதும். அதன்பின் "வா, ஒரு ஆட்டம் புரட்டுப் பூனை போடலாம்" என்ற வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல நாணுகிற, அல்லது சொல்லும்போதே தானாகச் சுருக்குகிற பெயரை நண்பர்கள் ஒருவருக்கொருவர் பரப்பமாட்டார்கள். சுருக்கினால் எப்படிச் சுருக்குகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுருக்கம் வேறு யாருடைய பெயராவது ஆகிவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, காதால் கேட்ட பெயரைக் கைபேசியில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். Purattu Poonai, Puratu Punai, Purattu Punai என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வரும். தமிழில் தட்டுபவர்களும் நடுவிலுள்ள "ப்" என்ற ஒற்றை விட்டுவிடுவார்கள். இதற்காகப் பெயரில் ஒற்றை நீக்க வேண்டாம். அதிகம் பேர் எழுதிய ரோமன் வடிவத்தை அதிகாரபூர்வ வடிவமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஆப் ஸ்டோரின் தேடுசொல் பகுதியில் சேர்த்துவிடுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை கவலையில்லை. கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் செயலியின் பெயருக்கு 30 எழுத்துகள்தாம் வரம்பு. "புரட்டுப் பூனை" நம் கண்ணுக்கு 7 எழுத்துகள். உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் கணினி தனித்தனியாக எண்ணினால், இடைவெளியோடு 14. மீதி இடத்தில் "பொய் ஆட்டம்" என்ற விளக்கத்தை ஒரு முக்காற்புள்ளிக்குப் பின் சேர்க்கலாம். விவரிக்கும் வேலையை வால் ஏற்றுக்கொள்வதால், பெயர் விவரிக்காமல் இருக்கலாம். "இலவசம்", "முதலிடம்" போன்ற சொற்களை மட்டும் அங்கே சேர்க்காதீர்கள். கூகுள் பிளே அவற்றைத் தலைப்பில் ஏற்பதில்லை.

இனித் தேடல். பெயர் அப்படியே வேறெங்கும் இல்லை என்று தெரிந்தவுடன் நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. ஒலியிலும் தோற்றத்திலும் பொருளிலும் நெருங்கிய பெயர்களைப் பார்க்க வேண்டும். ஸ்கிராபிளின் கதையிலேயே இதற்கும் சான்று இருக்கிறது. அதைப் போன்ற ஓர் இணைய விளையாட்டு ஸ்கிராபுலஸ் என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றது. 2008 இல் ஸ்கிராபிளின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தபின், லெக்சுலஸ் என்ற பெயருக்கு மாறித் தொடர்ந்தது. ஈற்றில் சில எழுத்துகளை மாற்றுவது போதுமான தூரம் அல்ல. உங்களுக்காக, செயலிக் கடைகள் இரண்டையும், பலகை விளையாட்டுகளைப் பட்டியலிடும் BoardGameGeek தளத்தையும், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவசத் தரவுத்தளமான Global Brand Database என்பதையும், நீங்கள் விற்கவிருக்கும் நாட்டின் வணிகக்குறிப் பதிவேட்டையும் பாருங்கள். பதிவேட்டில் பொருள்களும் சேவைகளும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நீங்கள் மூன்று வகுப்புகளில் தேட வேண்டும்: பலகை விளையாட்டு 28 இலும், பதிவிறக்கும் விளையாட்டு மென்பொருள் 9 இலும், இணையவழி விளையாட்டுச் சேவை 41 இலும் வருகின்றன. பெட்டிக்காக 28 இல் மட்டும் தேடிவிட்டு, கைபேசிப் பதிப்பின்போது 9 இல் இன்னொருவரைச் சந்திப்பவர்கள் குறைவில்லை.

விண்ணப்பிக்கும்போது அழகான எழுத்துருவோடு கூடிய சின்னத்தை மட்டும் பதிவு செய்யாமல், முதலில் சொல்லை வெறும் சொல்லாகவே பதிவு செய்ய முயலுங்கள். சின்னத்துக்குப் பதிவு கிடைத்தால், காப்பு பெரும்பாலும் அந்தத் தோற்றத்தோடு நின்றுவிடும். அதே பெயரை வேறு வடிவில் எழுதுபவரைத் தடுப்பது கடினமாகும். கட்டணம் பெரும்பாலும் வகுப்புவாரியாக வசூலிக்கப்படுவதால், பணம் இடித்தால் முதலில் எதை வெளியிடப் போகிறீர்களோ அந்த வகுப்பில் தொடங்கலாம். பதிவேட்டில் நெருக்கமான பெயர் ஏதாவது தென்பட்டால் மட்டும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பெட்டியை அச்சுக்கு அனுப்புவதை அவர் பதில் வரும்வரை நிறுத்தி வையுங்கள்.