மண்டபத்து நிழலும் ஆற்றங்கரை வெயிலும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் குடும்பத்தோடு குறுக்குத்துறைக்குப் போயிருந்தோம். படித்துறை மண்டபத்துக்குள் ஆச்சியை உட்கார வைத்து, பின்னால் ஆறு தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். ஆறும் படியும் பளிச்சென்று வந்திருக்கின்றன. ஆச்சி முகம் மட்டும் இருட்டாகி, கண்ணும் மூக்கும் தெரியவில்லை. ஃப்ளாஷ் போட்டுப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை. என் ஃபோன் 108 மெகாபிக்சல். நன்றாக வரட்டும் என்று அந்த 108-ஐத் தேர்ந்தெடுத்தே எடுத்தேன். என் மச்சான் அதே இடத்தில் தன் 12 மெகாபிக்சல் ஃபோனில் எடுத்ததில் முகம் தெளிவாக இருக்கிறது. இது எப்படி? என் படத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

மு., பாளையங்கோட்டை

அன்புள்ள மு. அவர்களுக்கு,

நல்லதுக்கென்று நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த 108-தான் பெரும்பாலும் முகத்தை இருட்டாக்கியிருக்கிறது. அதை விளக்குவதற்கு முன் அந்த இடத்தின் ஒளியைக் கொஞ்சம் அளந்து பார்த்துவிடலாம்.

ஓரிடத்தில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் நேராக விழும் இடத்தில் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கல் மண்டபத்துக்குள் சில அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு 2,000 லக்ஸ் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதிலேயே ஐம்பது மடங்கு வித்தியாசம். படியில் காயப் போட்டிருக்கும் வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதைத் திருப்பி அனுப்பும். நம் ஊர் மாநிறத் தோல் இருபதைத்தான் அனுப்பும். அது இன்னொரு நான்கு மடங்கு. ஆக, உங்கள் படச் சட்டத்துக்குள் வேட்டியின் வெளிச்சம் ஆச்சி முகத்தைப் போல இருநூறு மடங்கு. வெளிச்சம் ஒவ்வொரு முறை இரட்டிப்பாவதையும் ஒரு ஸ்டாப் என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் இது ஏழரை ஸ்டாப்புக்குச் சற்று மேல். ஒரே படத்தில் இப்படி எத்தனை ஸ்டாப்பை ஒரு கேமரா பிடித்துவைக்க முடியும் என்பதுதான் அதன் டைனமிக் ரேஞ்ச். நம் கண் இடத்துக்கு இடம் தாவித் தன்னைச் சரிசெய்துகொள்வதால், நேரில் பார்க்கும்போது இந்த வித்தியாசம் உறைப்பதே இல்லை.

கேமராவில் ஒளியை வாங்கும் சில்லான சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் மழையில் வைத்த ஒரு வாளி. ஒளி விழ விழ அதில் எலக்ட்ரான்கள் சேரும். ஃபோன் சென்சாரின் வாளி மிகச் சிறியது, சில ஆயிரம் எலக்ட்ரான்களிலேயே நிரம்பிவிடும். கணக்குக்கு 6,000 என்று கொள்வோம். நிரம்பிய பிறகு வருவதெல்லாம் வழிந்துபோகும், அந்த இடம் வெறும் வெள்ளையாக நிற்கும். வேட்டியின் மடிப்போ ஆற்றின் அலையோ அதிலிருந்து மீளாது. அதனால் ஃபோன் வெளிச்சப் பக்கத்தைக் காப்பாற்ற ஷட்டரைச் சட்டென்று மூடுகிறது. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 50, லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் 1.8 என்றால் இந்த வெயிலுக்கு ஏறக்குறைய 1/4000 வினாடி. அதற்குள் வேட்டி விழும் வாளி விளிம்பு வரை வந்துவிட, முகம் விழும் வாளியில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது 30 எலக்ட்ரான், சேர்ந்திருக்கும். இதை அப்படியே ஜேபெக் படமாக்கினால் 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் முகம் 16-ஐ ஒட்டி நிற்கும். அதுதான் நீங்கள் பார்த்த இருட்டு.

அந்த 30-ஐ மென்பொருளால் பெருக்கிவிட்டால் போதாதா என்று தோன்றும். ஒளி மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் விழுவதுதான் அதற்குத் தடை. 30 விழ வேண்டிய இடத்தில் ஒரு பிக்சலில் 25 விழும், பக்கத்துப் பிக்சலில் 36 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 30-க்கு ஐந்தரை, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. எட்டு மடங்கு பெருக்கினால் முகத்தோடு இந்தக் கோணலும் எட்டு மடங்காகும். கன்னம் முழுக்கப் புள்ளியும் திட்டுமாகத் தெரியும்.

மச்சானின் ஃபோன் இந்த இடத்தில்தான் வேறு வேலை செய்திருக்கிறது. கேமரா திறந்திருக்கும்போதே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் கடைசியாக வந்த சிலவற்றை ஃபோன் எடுத்துக்கொள்ளும். எல்லாமே வேட்டி விழும் வாளி வழியாத அளவுக்குக் குறைந்த ஒளியில் எடுத்தவை. கை நடுக்கத்தால் அவை சற்றே விலகியிருக்கும், அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கூட்டும். ஒன்பது படம் கூடினால் முகத்தின் கணக்கில் 270 எலக்ட்ரான் ஆகிறது. ஏற்ற இறக்கம் பதினாறு, அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஆறில் ஒன்று பதினாறில் ஒன்றாகிவிட்டது. இப்போது முகத்தைப் பெருக்கினால் தாங்கும்.

வெவ்வேறு ஒளியளவில் சில படங்கள் எடுத்துச் சேர்ப்பது பழைய முறை. 1997-இல் ஆய்வாளர்கள் டெபெவெக்கும் மாலிக்கும் அதன் கணக்கை வகுத்துத் தந்தார்கள். ஆனால் நீண்ட நேரம் ஒளி வாங்கும் படத்தில் ஆள் அசைந்துவிடுவார், குறைந்த நேரப் படத்தோடு அது பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே குறைந்த ஒளியளவில் எடுப்பது என்ற வழி கூகுளின் எச்.டி.ஆர். ப்ளஸ் மூலம் 2013-இல் அதன் நெக்ஸஸ் 5 ஃபோனுக்கு வந்தது. அதன் செய்முறையை 2016-இல் விரிவாக வெளியிட்டார்கள். இன்று பல ஃபோன்கள் இரண்டையும் கலந்து செய்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். கூட்டுவதால் முகம் வெளிச்சமாகாது, சுத்தமாக மட்டுமே ஆகும். வெளிச்சமாக்குவது அடுத்த படி. படத்தைப் பகுதி பகுதியாகப் பார்த்து, இருண்ட இடத்தை உயர்த்தி, வெளிச்சமான இடத்தை அடக்கும் வேலை அது. டோன் மேப்பிங் என்பார்கள். முகம் இருப்பதை ஃபோன் கண்டுகொண்டால் அங்கே கூடுதலாக உயர்த்தும். கண்டுகொள்ளாவிட்டால் அதுவும் ஒரு மண்டபத் தூண்தான். இருட்டில் இருக்கும் கருநிற முகத்தைக் கண்டுகொள்வதில் பல ஃபோன்கள் தடுமாறின. கண்டுகொண்டாலும், வெளிர் தோலுக்கென்று வைத்த அளவில் நிறுத்தின. கூகுள் இந்தக் குறையைத் தனியாக எடுத்துத் திருத்தத் தொடங்கியது 2021-இல், தன் பிக்சல் 6 ஃபோனில். இரண்டிலும் சாதாரண முறையில் எடுத்தாலும், ஒரே வெயிலில் ஒரே முகம் இரண்டு ஃபோனில் இரண்டு விதமாக வருவதற்கு இந்தப் படிதான் பெரும் காரணம். நம் நிறத்து மனிதர்களை நம் வெயிலில் எடுத்துப் பார்த்து ஃபோன் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். கடைக்குள் குழல்விளக்கில் எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது.

இனி உங்கள் 108. அந்தச் சென்சாரில் பிக்சல் ஒன்றின் அகலம், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானில், பத்தில் ஏழெட்டுப் பங்குதான். வழக்கமான முறையில் ஒன்பது பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி, அது 12 மெகாபிக்சல் படமே தருகிறது. 108-ஐத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பிக்சலும் தனியாக நிற்கும். ஒரு படத்தின் அளவே ஒன்பது மடங்காகிவிடுவதால், அப்படிப் பல படங்களை வேகமாக எடுத்துப் பொருத்திக் கூட்ட ஃபோனுக்கு நினைவகமும் நேரமும் போதாது. ஆகவே பெரும்பாலான ஃபோன்கள் இந்த முறையில் கூட்டலை நிறுத்திவிடும், அல்லது மிகவும் குறைத்துவிடும். கூட்டாத முகத்தை உயர்த்தினால் புள்ளி எழும் என்பதால், முகம் இருட்டாகவே நின்றுவிடும். தூரத்துக் கோபுரத்தை நல்ல வெயிலில் எடுக்க 108 சரி, நிழலில் இருக்கும் முகத்துக்கு வேண்டாம். ஃப்ளாஷும் அப்படித்தான். ஃபோனின் எல்.இ.டி. இரண்டு மீட்டருக்கு அப்பால் தருவது 2,000 லக்ஸுக்குப் பக்கத்திலேயே வராது. போதாக்குறைக்கு, ஃப்ளாஷ் போட்டதும் சில ஃபோன்கள் கூட்டலையும் விட்டுவிடும்.

கூட்டல் நடந்ததா என்று கண்ணாலேயே சோதிக்கலாம். எடுத்தவுடன் படத்தைத் திறந்தால் முதலில் இருட்டாகத் தெரிந்து, ஒரு வினாடியில் முகம் ‘பளிச்’ என்று மாறினால் நடந்திருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. மச்சான் படத்தை வாங்கி விரலால் பெரிதாக்குங்கள். ஆச்சிக்குப் பின்னால் இருக்கும் கல் தூண் வழவழவென்று இருக்கும். காற்றில் ஆடிய சேலை முந்தானையின் ஓரத்தில் மட்டும் பொடிப் புள்ளிகள் தெரியலாம். அசைந்த பகுதி ஒன்றோடொன்று பொருந்தாததால் ஃபோன் அங்கே மற்றப் படங்களைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். தலையைச் சுற்றி ஆற்றில் ஒரு வெளிறிய வளையம் தெரிந்தால், அது முகத்தை அளவுக்கு மீறி உயர்த்தியதன் தடம்.

அடுத்த முறை செய்ய வேண்டியது இது. லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு எதிர் வெயிலில் படம் முழுக்க வெளிறிய புகைபோலப் படரும், அதை எந்தக் கூட்டலும் நீக்காது. சாதாரண ‘ஃபோட்டோ’ முறையில், ஃப்ளாஷை அணைத்து, HDR தெரிந்தால் Auto-வில் வையுங்கள். முகத்தைத் தொடுங்கள், சூரியக் குறி தோன்றும். ஆறு முழுக்க வெள்ளையாகிவிட்டால் அந்தக் குறியைச் சற்றே கீழே இழுங்கள். அழுத்திய பின் ஒரு வினாடி கையை அசைக்காதீர்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது ஆச்சியை இடம் மாற்றுவதுதான். மண்டபத்தின் விளிம்பில், வெயில் மேலே படாத கடைசி அடியில், ஆற்றுக்குப் பக்கவாட்டாக உட்கார வையுங்கள். நீங்கள் அதே விளிம்பை ஒட்டி நின்று எடுங்கள். ஆறு படத்தின் ஒரு பாதியில் சாய்வாக வரும். திறந்த வானத்தின் ஒளியும், வெயில் பட்ட படியிலிருந்து எழும் ஒளியும் அவர் முகத்துக்கு வரும். அங்கே 10,000 லக்ஸ் எளிதாகக் கிடைக்கும். இருநூறு மடங்கு நாற்பதாகச் சுருங்கிவிடும், கூட்டல் இல்லாத ஃபோனுக்கும் வேலை எளிதாகும். அவருக்கு எதிரே வெயில் படும் படியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் இன்னும் நல்லது. கருங்கல் கால் பங்கு ஒளியைத் திருப்பினால் வேட்டி அதைப்போல மூன்று மடங்கு திருப்பும். கண் கூசாதபடி பார்வையை உங்கள் பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

எடுத்த படத்துக்கு வருவோம். வாட்ஸப்பில் அனுப்பிய நகலைத் தொடாதீர்கள். சுருக்கும்போது இருண்ட பகுதியின் நுணுக்கத்தைத்தான் அது முதலில் தூக்கி எறியும். ஃபோனில் இருக்கும் அசலைத் திறந்து, ஸ்னாப்சீட் செயலியில் Selective எடுத்து முகத்தைத் தொடுங்கள். இரண்டு விரலால் வட்டத்தை முகத்தளவுக்குக் குறுக்கி, வலப்பக்கம் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கண்ணும் மூக்கும் தெரிந்து, கன்னத்தில் புள்ளி எழத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் உங்கள் படத்தில் ஒளி இல்லை. பிறகு படத்தைப் பாதி அகலத்துக்குச் சுருக்கினால் நான்கு பிக்சல் ஒன்றாகி, புள்ளிகளும் பாதியாகக் குறையும். உங்களிடம் 108 மெகாபிக்சல் இருப்பதால் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கே சுருக்கலாம், சுவரில் மாட்ட 12 மெகாபிக்சல் தாராளம்.