நடைபாதைக் கடைகள்: இடம் மாற்றும் முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: எங்கள் கடைத்தெருவில் நடைபாதைக் கடைகளை எடுத்துவிட்டு வேறு இடத்தில் விற்பனை மண்டலம் அமைக்கப் போகிறார்களாம். நடக்க வழி வேண்டும்தான், ஆனால் அவர்கள் பிழைப்பும் கெடக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்குமா?

நடக்கும். ஆனால் நீங்கள் எழுதியதில் ‘வேறு இடத்தில்’ என்பதைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. எங்கள் ஊரில் பேருந்து நிலையச் சாலையில் இதே வேலை இரண்டு தடவை நடந்தது. முதல் தடவை தோற்றது. இரண்டாவது தடவை அளப்பதற்கு டேப் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் தடவை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மைதானத்தைச் சமன்படுத்தி, கட்டம் போட்டு, எல்லோரையும் அங்கே போகச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாய், விளக்கு எல்லாம் இருந்தது. சாலையிலிருந்து ஐந்து நிமிட நடைதான். ஆனால் கீரை வாங்குகிறவர் கீரை வாங்குவதற்கென்று கிளம்பி வருவதில்லை. பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு போகிறார். அந்த வழியை விட்டு ஐந்து நிமிடம் தள்ளிப்போனால் கீரைக்காரருக்கு வாடிக்கையே கிடையாது. எனக்குத் தெரிந்த பூக்கார அக்கா தண்டல் வாங்கியிருந்தார். கையில் 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுகிற கடன். கடை மாறினாலும் தண்டல்காரர் மறுநாள் மாலை வந்து நிற்பார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். அதற்குள் அங்கே பைக்குகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கடைகள் போயும் நடக்கிறவர்களுக்கு அந்த மூன்று வாரமும் வழி கிடைக்கவில்லை.

சட்டமே இந்த மாதிரி இடமாற்றத்தை முதல் வழியாகச் சொல்லவில்லை. 2014-இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, முதலில் கணக்கெடுப்பு நடந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். அது முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மக்கள் காலங்காலமாகக் கூடி வாங்கி விற்கிற இடத்தை அந்தச் சட்டம் ‘இயல்பான சந்தை’ என்கிறது. கணக்கெடுப்பில் அப்படி அடையாளம் கண்ட இடத்தை, விற்பனை கூடாத பகுதி என்று அறிவிக்கவும் முடியாது. கூட்டம் அதிகம் என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது என்றும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் எழுதியிருக்கிறது. கூட்டமாக இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் சான்றிதழ் தருவதைக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான்.

சரி, இருக்கிற இடத்திலேயே எத்தனை கடை தாங்கும்? இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது, அளக்க வேண்டும். எங்கள் சாலையில் நடைபாதை 4 மீட்டர் அகலம். எதிரும் புதிருமாக இரண்டு சக்கர நாற்காலிகள் கடக்கிற அளவுக்கு, எந்தத் தடையும் இல்லாமல் 1.8 மீட்டர் விட வேண்டும். அதில் கை வைக்கக் கூடாது. கடைக்கு 1.2 மீட்டர். வாங்குகிறவர் நிற்க 0.6 மீட்டர். மிச்சம் இருக்கிற 0.4 மீட்டர், உள்ளே இருக்கிற பெரிய கடைகளின் படிக்கட்டுக்கும் பலகைக்கும் போய்விடும். பலரும் மறந்துவிடுவது அந்த 0.6 மீட்டரைத்தான். வாங்குகிறவர் நிற்கவும் இடம் வேண்டுமே.

அடுத்தது கடை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது. எங்கள் ஊரில் நெரிசலுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று அளக்கும்போதுதான் புரிந்தது. தள்ளுவண்டி சாலையைப் பார்த்து நின்றால், பைக்கில் வருகிறவர் இறங்காமலே காலை ஊன்றி நின்று பழம் வாங்குவார். பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் பேருந்து. அதே வண்டியைச் சாலைக்கு முதுகு காட்டி, நடைபாதையின் வெளி ஓரத்தில் நிறுத்தி, பின்பக்கம் இடுப்பு உயரத்துக்குக் கம்பித் தடுப்பு போட்டால், நடந்து வருகிறவர்தான் வாங்க முடியும். முதல் வாரம் பழக்கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், அவர்கள் கோபம் நியாயமானதுதான். பைக் வியாபாரம் கொஞ்சம் குறையத்தான் செய்தது. அதனால் இரண்டு முனையிலும் பைக் நிறுத்த இடம் கேட்டு வாங்கினோம்.

இப்போது நீளக் கணக்கு. சாலையின் அந்தப் பக்கம் 120 மீட்டர். அதில் பேருந்து நிறுத்தம், இரண்டு சந்து முனைகள், ஆஸ்பத்திரி வாசல், சாலையைக் கடக்கும் இடம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் கழித்தால் 78 மீட்டர் மிஞ்சியது. ஒரு கடைக்கு 1.8 மீட்டர், பக்கத்தில் 0.6 மீட்டர் இடைவெளி. துண்டு துண்டாக இருந்ததால் ஓரங்களில் கொஞ்சம் வீணாகி, 30 கடைதான் வந்தது.

கணக்கெடுப்பில் இருந்ததோ 47 பேர். பதினேழு பேரை எங்கே அனுப்புவது என்று, கணக்கெடுப்பை நடத்துகிற நகர விற்பனைக் குழுவின் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அப்போது வியாபாரிகள் பக்கத்துப் பெண் உறுப்பினர் ஒருவர், ‘நாற்பத்தேழு பேரும் ஒரே நேரத்திலயா உட்காருறோம்?’ என்று கேட்டார். மறுபடி நேரம் வாரியாக எண்ணினோம். கீரை, பூ, இட்லி என்று காலையில் மட்டும் 16 பேர். பஜ்ஜி, பழம், துணி என்று மாலையில் மட்டும் 18 பேர். நாள் முழுவதும் 13 பேர். அதாவது காலையில் 29, மாலையில் 31. முப்பது இடத்துக்கு ஒரே ஒருவர்தான் கூடுதல். அவருக்குப் பக்கத்துச் சந்தின் முனையில் இடம் கிடைத்தது. அதுவும் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் நடக்கிற வழிதான்.

இது எல்லாத் தெருவிலும் ஒத்துவராது. நடைபாதையே ஒன்றரை மீட்டர்தான் என்றால் அங்கே கடை போட இடமில்லை. ஒன்று நடைபாதையை அகலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டும். அப்படிப் போனாலும் மக்கள் நடக்கிற பாதையிலேயே இருக்க வேண்டும். மாடிக் கட்டடம் கட்டித் தருகிறோம் என்றால் பூ, கீரை, பழம் விற்கிறவர்கள் ஒத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. இன்னொரு சிக்கல், ஒரே முதலாளி ஐந்து வண்டி வைத்து ஆள் போட்டு நடத்துவது. ஐந்து வண்டியிலும் ஒரே சரக்கு, ஒரே மாதிரி எடை போடும் இயந்திரம், இரவில் ஒரே இடத்தில் நிறுத்தம் என்றால் சந்தேகப்படுங்கள். தானோ தன் குடும்பத்தாரோதான் விற்பேன் என்று உறுதி கொடுத்தால்தான் சான்றிதழ். அதை வாடகைக்கு விட முடியாது.

உங்கள் ஊரில் நகர விற்பனைக் குழு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். அப்புறம், கணக்கெடுப்பை எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். காலை பதினொரு மணிக்கு எடுத்திருந்தால் கீரைக்காரரும் பஜ்ஜிக்காரரும் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அப்படி விட்டுப்போனவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி, இடமாற்ற நோட்டீஸ் வருவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸ் வந்தால் 30 நாள்தான் அவகாசம்.