பியூரெட் தவறா, பார்வை தவறா?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முதலாமாண்டு படிக்கிறேன். 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு எனக்கு 19.6 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலவாகிறது. அதே கரைசல்களில் பக்கத்து மேசைக்காரிக்கு 19.9. என் பியூரெட்தான் சரியில்லையோ? நாகர்கோவில் கடையில் 'ஏ கிளாஸ்' பியூரெட் பார்த்தேன், விலை அதிகம். வாங்கலாமா?
– மாணவி, தக்கலை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். 50 மி.லி. பியூரெட்டில் ஏ கிளாஸுக்கு அனுமதிக்கப்படும் பிழை 0.05 மி.லி., பி கிளாஸுக்கு 0.1 மி.லி. உங்களுக்கு வித்தியாசம் 0.3. பி கிளாஸ் பியூரெட்டே என்றாலும், கண்ணாடி மட்டும் இவ்வளவு பிழை தராது. முதலில் சந்தேகப்பட வேண்டியது, நீங்கள் அளவைப் பார்க்கும்போது கண் எங்கே இருந்தது என்பதை.

கரைசலின் மேல்மட்டம் பிறைபோல் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடி குழாயின் நடுவில் இருக்கிறது. அளவுக்கோடுகளோ உங்கள் பக்கத்துக் கண்ணாடிச் சுவரில். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி. கண் மேலே இருந்தால் குழியின் அடி மேலே உள்ள கோட்டோடு சேர்ந்து தெரியும். பியூரெட்டில் பூஜ்யம் உச்சியில் இருப்பதால், மேலே உள்ள கோடு என்றால் சிறிய எண். கண் கீழே இருந்தால் பெரிய எண் கிடைக்கும். இதுதான் இடமாறு தோற்றப்பிழை.

இரண்டு முறையும் ஒரே அளவு பிசகினால் கழிக்கும்போது அது போய்விடும். ஆனால் பியூரெட்டில் போகாது. பூஜ்யத்துக்கும் 20-க்கும் இடையே சுமார் 20 செ.மீ. உயரம். தலையை அசைக்காமல் 10-ஆம் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து இரண்டையும் பார்த்தீர்கள் என்று வையுங்கள். பூஜ்யத்தைக் கீழிருந்து பார்த்ததால், கரைசல் உண்மையில் கோட்டுக்கு மேலே நின்றிருக்கும். முடிவை மேலிருந்து பார்த்ததால், உள்ளதைவிடச் சிறிய எண் வாசித்திருப்பீர்கள். முகம் பியூரெட்டிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.15 மி.லி. பிசகும். இரண்டும் ஒரே பக்கமாகக் கூடி 0.3. அதாவது 19.9 செலவாகியும் 19.6 என்று எழுதுவீர்கள். உங்கள் கணக்கு அப்படியே இதில் பொருந்துகிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் கண்ணை மட்டத்துக்குக் கொண்டு போங்கள். பூஜ்யத்துக்கு ஸ்டூலில் ஏறலாம், முடிவுக்கு முழங்காலை மடக்கிக் குனியலாம். கண் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று அறிய, குழாயைச் சுற்றி முழு வட்டமாக ஓடும் கோடு ஒன்றைப் பாருங்கள். அதன் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே கோடாக ஒன்றினால் சரி; நீள்வட்டமாக விரிந்தால் கண்ணை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். வட்டக்கோடு இல்லாத பியூரெட்டில், நேர்விளிம்புள்ள காகிதத் துண்டைப் பிறைக்குச் சற்றுக் கீழே, இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியச் சுற்றினால் அதே வேலை செய்யும். பின்னால் ஒரு வெள்ளை அட்டை வைத்து, அதன் கீழ்ப்பாதியைக் கறுப்பாக்கி, கறுப்பின் மேல்விளிம்பைப் பிறைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். பிறையின் அடி கறுத்துத் தெளிவாகத் தெரியும். பியூரெட்டின் திருகை மூடியபின் அரை நிமிடம் பொறுத்து வாசியுங்கள். சுவரில் ஒட்டிய கரைசல் அதற்குள் இறங்கிவிடும்.

பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் பிறையின் அடி தெரியாது. அதற்கு மேல்விளிம்பை வாசிக்க வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும் அதையேதான்.

பிப்பெட்டில் இந்தப் பிழை மிகச் சிறியது. கோடு மெல்லிய தண்டில் இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் 0.01 – 0.02 மி.லி.தான். இருந்தாலும் பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து, கோட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நுனியைப் பீக்கரின் சுவரில் தொட வைத்து, பிறையின் அடி கோட்டைத் தொடும்வரை இறக்குங்கள். குடுவையில் விட்டபின் நுனியில் தங்கும் துளியை ஊத வேண்டாம்; அதைக் கழித்துத்தான் 20 மி.லி. குறிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒத்துவரவில்லை என்றால் பியூரெட்டையே சோதிக்கலாம். உலர்ந்த, எடைபோட்ட குடுவையில் பூஜ்யத்திலிருந்து 20-வரை வாலைவடிநீரை இறக்கி மீண்டும் எடை பாருங்கள். நீர் 28 டிகிரி செல்சியஸில் இருந்தால் 19.90 கிராம் வர வேண்டும். திரும்பத் திரும்ப 0.1 கிராமுக்கு மேல் விலகினால் அந்தப் பியூரெட்டை மாற்றச் சொல்லி ஆய்வகத்தில் கேளுங்கள். சொந்தமாக வாங்குவதானால், என் கருத்தில், 'ஏ கிளாஸ்' என்ற முத்திரைக்கு முன் முழு மி.லி. கோடுகள் குழாயைச் சுற்றி வட்டமாக ஓடுகின்றனவா என்று பாருங்கள்.